ரெண்டு குப்பி என்றால் எவ்வளவு?

எங்கள் மாமா லாரி ஓட்டினவர். மாட்டுத்தாவணியில் காய்கறி ஏற்றிக்கொண்டு கம்பம், குமுளி வழியாகக் கேரளாவுக்குப் போய் வருவதுதான் அவருக்கு வாழ்க்கை. ஸ்டியரிங்கை விட்ட பிறகும் குமுளிப் பக்கம் மகள் வீட்டோடு தங்கிவிட்டார். குடலிறக்க ஆபரேஷனுக்காக மதுரையில் ஒரு ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தோம். கட்டிலுக்குப் பக்கத்தில் வந்து நின்ற இளம் டாக்டர், "குடிக்கிற பழக்கம் உண்டாய்யா?" என்று கேட்டார்.

"கள்ளு மட்டுந்தான் தம்பி. வேற எதையும் தொடுறதில்ல."

"ஒரு நாளைக்கு எவ்வளவு?"

"ரெண்டு குப்பி."

டாக்டர் எழுதிக்கொண்டார். மாமா பொய் சொல்லவில்லை. அவர் சொன்ன கணக்கு சரி, டாக்டர் எழுதியதும் சரி. ஆனாலும் மூன்றாம் நாள் ராத்திரி மாமாவுக்குக் கை நடுங்கியது, வேர்த்துக் கொட்டியது, தூக்கம் வரவில்லை. சுவரில் எறும்பு சாரை சாரையாகப் போகிறது, தட்டிவிடு என்றார். சுவரில் ஒன்றும் இல்லை. தினமும் போய்க்கொண்டிருந்த ஆல்கஹால் சட்டென்று நின்றுபோனதில் வந்த கோளாறு அது. முன்கூட்டியே தெரிந்திருந்தால் மருந்து கொடுத்து அமர்த்தியிருக்கலாம். "கள்ளுதானே, ரெண்டு பாட்டில்தானேன்னு நெனச்சிட்டோம்" என்றார் டியூட்டி டாக்டர்.

அந்த ராத்திரியிலிருந்து எனக்குள் ஓடிக்கொண்டிருக்கும் கேள்வி இது: ரெண்டு குப்பி கள் என்றால் உண்மையில் எவ்வளவு?

பீருக்கு இந்தக் கேள்விக்கு உடனே பதில் கிடைக்கும். 650 மில்லி பாட்டில், 5 சதவீதம் என்று லேபிளிலேயே இருக்கிறது. பெருக்கினால் 32.5 மில்லி ஆல்கஹால். ஒரு மில்லி ஆல்கஹாலின் எடை 0.79 கிராம் என்பதால், கிட்டத்தட்ட 26 கிராம். இன்று வாங்கினாலும் அடுத்த மாதம் வாங்கினாலும் அதுதான், ஏனென்றால் ஆலையில் நொதிப்பை ஒரு கட்டத்தில் நிறுத்தி, வடிகட்டி, மூடி போட்டுவிடுகிறார்கள். கள்ளை அப்படி நிறுத்துகிறவர் யாரும் கிடையாது. அது மரத்தில் நொதிக்கிறது, கலயத்தில் நொதிக்கிறது, கடையில் நொதிக்கிறது, குப்பியில் நொதிக்கிறது, நம் கையில் இருக்கும்போதும் நொதித்துக்கொண்டேதான் இருக்கிறது.

தமிழ்நாட்டில் 1987 ஜனவரி 1 முதல் கள்ளுக்குத் தடை. அதனால் மதுரைப் பக்கம் இதைக் கண்ணால் பார்க்க வேண்டுமென்றால் கோடையில் வரும் பதநீரைத்தான் பார்க்க வேண்டும். கலயத்தின் உள்பக்கம் சுண்ணாம்பு தடவிக் கட்டினால் இறங்குவது பதநீர். தடவாமல் விட்டால் கள். ரெண்டுக்கும் மரம் ஒன்று, பாளை ஒன்று, சீவுகிற அரிவாளும் ஒன்று. சுண்ணாம்பின் காரத்தன்மையில் ஈஸ்ட் வேலை செய்ய முடியாது என்பது மட்டுமே வித்தியாசம். ஆனால் சுண்ணாம்பை யாரும் எடை போட்டுத் தடவுவதில்லை, கைக்குணம்தான். கம்மியாகத் தடவிய பதநீரை பிளாஸ்டிக் கேனில் ஊற்றி வெயிலில் சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்தால், பதினொரு மணி வாக்கில் மூடியைத் திருகும்போது 'உஸ்' என்று காற்று இறங்கும். கழுத்து வரை நுரை ஏறி நிற்கும். பட்டையில் ஊற்றிக் குடித்தால் நாக்கில் லேசாகச் சுருக்கென்று இருக்கும். அந்த 'உஸ்' கரியமில வாயு. சர்க்கரை உடையும்போது கரியமில வாயுவும் ஆல்கஹாலும் ஜோடியாகத்தான் பிறக்கின்றன. நுரை வந்திருந்தால் கூடவே ஆல்கஹாலும் வந்திருக்கிறது.

எவ்வளவு வரும் என்பதற்கு ஒரு மேல்வரம்பு உண்டு. ஒரு கிராம் சர்க்கரை முழுசாக நொதித்தால் அரை கிராமுக்குச் சற்று மேல் ஆல்கஹால் கிடைக்கும். பனஞ்சாற்றில் லிட்டருக்கு சுமார் 100 முதல் 120 கிராம் சர்க்கரை இருக்கும். ஒரு கிராம்கூட வீணாகாமல் மாறினால் ஆல்கஹால் ஆறரை முதல் ஏழேமுக்கால் சதவீதம். தென்னஞ்சாறு இன்னும் இனிப்பு. லிட்டருக்கு 150 கிராம் வரை போனால் வரம்பு ஒன்பதரைக்கு மேல் ஏறும். நடைமுறையில் அவ்வளவு எட்டாது. ஈஸ்ட்டோடு பந்திக்கு உட்காரும் பாக்டீரியாக்கள் சர்க்கரையில் ஒரு பங்கைப் புளிப்பாக மாற்றிவிடும்.

சரி, சாறு வரம்புக்குப் பக்கத்தில் எப்போது வந்து சேரும்? குழப்பமே இங்கேதான். ராத்திரி முழுக்கக் கலயம் மரத்தில் தொங்குகிறது. ஏழு மணிக்குச் சொட்டிய சாறும் விடியற்காலை ஐந்து மணிக்குச் சொட்டிய சாறும் ஒரே கலயத்தில் கிடக்கின்றன. ஒன்றுக்கு வயது பத்து மணி நேரம், இன்னொன்று இப்போது பிறந்தது. போதாததற்குக் கலயத்தின் அடியில் நேற்றைய மண்டி ஒட்டியிருக்கும். மண்டி என்பது உயிரோடிருக்கும் ஈஸ்ட். நன்றாகக் கழுவிய கலயத்தில் நொதிப்பு மெதுவாகத் தொடங்கும், கழுவாத கலயத்தில் சாறு விழுந்த உடனே தொடங்கிவிடும். மார்கழிப் பனிக்கும் சித்திரை வெயிலுக்கும் வேகம் வேறு. மழை பெய்தால் கலயத்துக்குள் தண்ணீர். மரத்துக்கு மரம் இனிப்பும் வேறு.

திருமங்கலம் பக்கத்துப் பெரியவர் ஒருவர், அந்தக் காலத்தில் பனை ஏறியவர், இதை ஒரே வரியில் சொன்னார்: "ஒரே மரத்துக் கள்ளு, தம்பி. காலையில சின்னப்புள்ள, சாயங்காலம் சண்டியரு."

அவர் சொன்ன வேறுபாட்டைத் தோராயமாக எண்ணில் பார்க்கலாம். இறக்கிய சூட்டோடு குடிக்கும் கள்ளில் 2 சதவீத அளவில் ஆல்கஹால் இருக்கும். அதே கள் சாயங்காலத்தில் 5, 6 சதவீதத்தைத் தொட்டுவிடும். மாமாவின் ரெண்டு குப்பியை 650 மில்லிக் குப்பி என்றே வைத்துக்கொள்வோம், மொத்தம் 1300 மில்லி. இரண்டு சதவீதமாக இருந்தால் ஏறக்குறைய 20 கிராம் ஆல்கஹால், ஒரு பாட்டில் பீருக்கும் கம்மி. ஆறு சதவீதமாக இருந்தால் 60 கிராமுக்கு மேல், ரெண்டு பாட்டில் பீரைத் தாண்டிவிட்டது. வாய் சொல்லும் பதில் ரெண்டு நாளும் 'ரெண்டு குப்பி'தான்.

குப்பியாவது அளவு நிலையானது. சொம்பில் குடிக்கிற ஊரில் அதுவும் கிடையாது. அரை லிட்டர் பிடிக்கும் சொம்பும் உண்டு, முக்கால் லிட்டருக்கு மேல் பிடிக்கும் சொம்பும் உண்டு. யாழ்ப்பாணத்தில் பனையோலையை மடித்துக் கட்டிய பிளாவில் குடிப்பார்கள். மடிக்கிற கையைப் பொறுத்தது அதன் கொள்ளளவு.

குடிப்பழக்கத்தை அளக்க உலக சுகாதார நிறுவனம் பத்துக் கேள்விகள் கொண்ட ஒரு படிவம் வைத்திருக்கிறது. நம் ஆஸ்பத்திரிகளிலும் அதைப் பயன்படுத்துகிறார்கள். அதில் ரெண்டாவது கேள்வி, குடிக்கிற நாளில் எத்தனை அளவு என்பது. ஓர் அளவுக்கு 10 கிராம் ஆல்கஹால் என்று வைத்துக்கொண்டால், காலைக் கள் குடித்த மாமாவுக்கு ரெண்டு அளவு, மதிப்பெண் பூஜ்யம். சாயங்காலக் கள் குடித்த மாமாவுக்கு ஆறு அளவு, மதிப்பெண் இரண்டு. ஒரே தடவையில் ஆறு அளவோ அதற்கு மேலோ குடிப்பது எத்தனை முறை என்ற மூன்றாவது கேள்விக்கும் பதில் 'ஒருபோதும் இல்லை' என்பதிலிருந்து 'தினமும்' என்று தலைகீழாக மாறிவிடுகிறது. இத்தனைக்கும் மாமா குடித்த குப்பிகளின் எண்ணிக்கையில் ஒன்றுகூடக் கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

அவர் வண்டி ஓட்டிய காலத்தை நினைத்தால் இன்னமும் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. ரத்தத்தில் 100 மில்லிக்கு 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருந்தால் வண்டி ஓட்டக்கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டம். அறுபது கிலோ எடையுள்ள ஆண் 20 கிராம் குடித்தால் அது 50 வரை போய், ஒன்றரை மணி நேரத்தில் 30-க்குக் கீழே இறங்கிவிடும். 60 கிராம் குடித்தால் 150-ஐ நெருங்கும், 30-க்கு இறங்க எட்டு மணி நேரம் பிடிக்கும். ஆளுக்கு ஆள் கொஞ்சம் மாறும் கணக்குதான். ஆனால் 'ரெண்டு குப்பி குடிச்சிட்டு ரெண்டு மணி நேரம் தூங்கி எந்திரிச்சா சரியாயிரும்' என்று அவர் ஒருநாள் அனுபவத்தை வைத்து நம்பியது, இன்னொரு நாள் மலைப்பாதையில் அவரைக் கைவிட்டிருக்கலாம்.

ருசி காட்டிக்கொடுக்காதா என்று கேட்பார்கள். கொஞ்ச தூரத்துக்குத்தான் காட்டும். இனிப்பு மிச்சம் இருந்தால் இன்னும் நொதிக்கச் சர்க்கரை இருக்கிறது என்று அர்த்தம், ஆல்கஹால் இல்லை என்று அர்த்தம் இல்லை. தென்னங்கள் தித்திக்கும்போதே நாலு சதவீதம் ஏறியிருக்கலாம். புளிப்பையும் நம்ப முடியாது. ஒரு நாளைத் தாண்டினால் வேறு பாக்டீரியாக்கள் ஆல்கஹாலையே தின்று காடியாக்கத் தொடங்கும். மூக்கைச் சுளிக்க வைக்கும் கள்ளில் முந்தின நாள் சாயங்காலத்தை விட ஆல்கஹால் குறைந்துகூட இருக்கும். தலை சுற்றுவதை வைத்தும் கணக்குப் போட முடியாது. கலப்படக் கள்ளில் தூக்க மாத்திரை மருந்தைக் கலப்பது தெலங்கானாவில் பலமுறை பிடிபட்டிருக்கிறது. அங்கே கிறுகிறுப்பு வருவது கள்ளாலேயே அல்ல.

கருவி வைத்து அளக்கலாமே என்றால், பால்மானி மாதிரி மிதக்கவிடும் குழாயும் இங்கே ஏமாற்றும். சர்க்கரை திரவத்தைக் கனமாக்கும், ஆல்கஹால் இலேசாக்கும். ரெண்டும் சேர்ந்து கிடக்கும் கள்ளில் குழாய் காட்டும் எண்ணுக்கு ஒரு பொருளும் இல்லை. கொஞ்சத்தை எடுத்துக் காய்ச்சி வடித்து, வடிந்ததை அளந்தால்தான் உண்மை தெரியும். மாதிரி எடுத்த பாட்டிலில் நொதிப்பை நிறுத்தாமல் விட்டால், ஆய்வகத்துக்குப் போகும் வழியிலேயே எண் மாறிவிடும். கள்ளுக்கடைக்கு உரிமம் கொடுக்கும் கேரளத்தில் அரசு ஒரு வரம்பு வைத்திருந்தது, தென்னங்கள்ளுக்கு 8.1 சதவீதம், பனங்கள்ளுக்கு 5.2 சதவீதம். அதற்கு மேல் போனால் கலப்படம் என்று வழக்குப் போட்டார்கள். கள் தானாகவே அதற்கு மேல் போகும் என்று வாதாடி கடைக்காரர்கள் கோர்ட்டு வரை போனார்கள். அரசாங்கமும் ஆய்வகமும் கோர்ட்டும் சேர்ந்தும் சிக்கலாகிற எண்ணை, கட்டிலில் படுத்திருக்கிற மனுஷன் எங்கிருந்து சொல்வான்?

ஆனால் அவனால் சொல்ல முடிந்த வேறு சில உண்டு. தென்னையா பனையா, எப்போது இறக்கியது, எப்போது குடித்தது, எதில் குடித்தது. அந்தப் பத்துக் கேள்விப் படிவத்திலேயே அளவைச் சாராத கேள்விகளும் இருக்கின்றன: ஆரம்பித்தால் நிறுத்த முடியாமல் போனதுண்டா, காலையில் எழுந்ததும் குடித்தால்தான் நடமாட முடிகிறது என்ற நிலை உண்டா என்பவை. கள் குடிப்பவரிடம் குப்பிக் கணக்கை விட எனக்கு இவற்றில்தான் நம்பிக்கை.

மாமா தேறிய பிறகு, நாலாம் நாள் மத்தியானம், அவரிடம் நானே கேட்டேன்.

"எத்தனை மணிக்கு மாமா கடைக்குப் போவீங்க?"

"அந்திக்குத்தான். ஆறு மணி இருக்கும்."

"அப்ப உங்களுக்குத் தர்றது எப்ப இறக்குனது?"

யோசித்தார். "காலையில இறக்குனதுதான் மாப்ள. அந்திக்கு எறக்குறது வர்றதுக்குள்ள அதத் தீத்தாகணும்ல, கடைக்காரரு அதத்தான் ஊத்துவாரு."

"பனையா, தென்னையா?"

"தென்னை."

நான் டியூட்டி டாக்டரிடம் போய்ச் சொன்னேன். அவர் கேஸ் ஷீட்டைத் திருப்பி, 'ரெண்டு குப்பி' என்பதற்குப் பக்கத்தில், 'தென்னை, இறக்கி 12 மணி நேரம்' என்று எழுதிக்கொண்டார்.