முதல் வாய்த் தண்ணீருக்கு முன்

பக்கவாதம் வந்து படுத்திருப்பவர் கண்விழித்துத் தண்ணீர் கேட்டால், வீட்டாரின் கை தானாகவே தம்ளரைத் தேடும். அதைத் தடுக்க வேண்டிய பொறுப்பு நர்ஸுக்கு உண்டு. விழுங்கும் நேரத்தில் மூச்சுக்குழாய் மூடிக்கொள்ள வேண்டும். பக்கவாதத்தில் இந்த அசைவு பிந்திப்போனால், வாயில் ஊற்றியது நுரையீரலுக்குள் இறங்கி நிமோனியாவில் கொண்டுவிடும். கை கால் ஓரளவு அசைகிறது என்பதால் தொண்டையும் சரியாக இருக்கிறது என்று சொல்லிவிட முடியாது.

இதைப் படுக்கையருகிலேயே பார்த்துச் சொல்ல உதவும் சோதனைகளில் ஒன்று, ஆஸ்திரியாவின் குகிங் என்ற ஊரின் பெயரால் வழங்குகிறது. 2007-இல் வெளியான இந்தச் சோதனைக்கு மொத்தம் 20 மதிப்பெண். ஒரு கட்டத்துக்கு 5 வீதம் நான்கு கட்டங்கள். ஒன்றில் முழு 5 வாங்கினால்தான் அடுத்ததற்குப் போகலாம்.

முதல் கட்டத்தில் வாயில் எதுவும் கொடுப்பதில்லை. நோயாளி கால் மணி நேரமாவது விழிப்பாக இருக்கிறாரா, சொன்னால் இருமுகிறாரா, எச்சிலை விழுங்குகிறாரா, எச்சில் வடிகிறதா, குரல் மாறுகிறதா என்று பார்க்கிறார்கள். அடுத்து வருவது தண்ணீர் என்றுதான் நினைப்போம். ஆனால் கூழ் பதத்தில் கெட்டியாக்கிய தண்ணீரை அரை ஸ்பூனுக்கு மிகாமல் கொடுத்துத் தொடங்குகிறார்கள். சாதாரணத் தண்ணீர் சரேலென ஓடிவிடும். கெட்டியானது மெதுவாக நகர்ந்து தொண்டைக்கு அவகாசம் தரும். அதன்பின் தண்ணீர் 3, 5, 10, 20 மி.லி. என்று கூடி 50 மி.லி. வரை போகும். கடைசியில் காய்ந்த ரொட்டித் துண்டு.

ஒருவர் முதல் இரண்டு கட்டங்களிலும் 5, 5 வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். 10 மி.லி. தண்ணீரையும் விழுங்கிவிடுகிறார், அதற்கு 2. எச்சில் வடியவில்லை, அதற்கு 1. ஆனால் இருமுகிறார். ‘ஓ’ என்று சொல்லச் சொன்னால், தொண்டையில் நீர் தேங்கியது போலக் குரல் களகளக்கிறது. இந்த இரண்டுக்கும் மதிப்பெண் இல்லை. சோதனை அங்கேயே நிற்கிறது, மொத்தம் 13. 10 முதல் 14 வரை என்றால் கூழ் பத உணவும் கெட்டியாக்கிய பானமும் மட்டும்தான். போதாத ஊட்டத்தை வேறு வழியில் ஏற்றுவார்கள். 9-உம் அதற்குக் கீழும் என்றால் வாய்வழி எதுவுமே கூடாது.

இந்தச் சோதனைக்கும் ஓர் எல்லை உண்டு. தொண்டையில் உணர்வு மங்கியவருக்கு, தண்ணீர் நுரையீரலுக்குள் போனாலும் இருமல் வராது. குரலைக் கேட்பது அதனால்தான். அதிலும் தப்பிவிடுவது உண்டு. சந்தேகம் இருந்தால் மூக்கு வழியே கேமரா குழாய் விட்டோ, விழுங்குவதை எக்ஸ்-ரே படமாக ஓடவிட்டோ பார்க்க வேண்டும். விழுங்கும் திறன் நாளுக்கு நாள் மாறுவதால் சோதனையைத் திரும்பவும் செய்வார்கள்.

அதுவரை மாத்திரையை விழுங்க வைக்கும் ஒரு மடக்குத் தண்ணீரும் நர்ஸைக் கேட்காமல் கொடுக்கக் கூடாது.