பிச்சாவரத்தின் உணவு வலை

கடலூர் மாவட்டத்தில், சிதம்பரத்திற்குக் கிழக்கே, வெள்ளாற்றின் கழிமுகத்திற்கும் கொள்ளிடத்தின் கழிமுகத்திற்கும் இடையே பிச்சாவரம் அலையாத்திக் காடு பரந்துள்ளது. அங்கே வெண்கண்டலும் சுரபுன்னையும் உதிர்க்கும் இலைகள் சேற்றில் மட்குகின்றன. அம்மட்கை நண்டும் இறாலும் உண்கின்றன. அவை இரண்டையும் உளுவை மீன் உண்கிறது. மூன்றையும் கொக்கு உண்கிறது. கால்வாய் நீரிலோ வேறொரு வரிசை இயங்குகிறது. தாவர மிதவை உயிரிகளை விலங்கு மிதவை உயிரிகள், சிப்பி, நெத்திலி ஆகியவை உண்கின்றன. விலங்கு மிதவை உயிரிகளும் நெத்திலிக்கு இரையாகின்றன. கொடுவா மீன் நெத்திலியோடு சேற்றுப்பக்கத்து இறாலையும் உளுவையையும் வேட்டையாடுகிறது. உண்மையான வலை இதைவிடப் பன்மடங்கு சிக்கலானது. எனினும் கணக்கிட்டுப் பார்க்க இச்சிறு வலை போதும்.

இதில் சருகு மட்கு உட்படப் பத்து உறுப்புகளும், அவற்றிடையே 14 உண்ணும் உறவுகளும் உள்ளன. பத்து உறுப்புகளில் ஒவ்வொன்றும் தன்னையும் சேர்த்து எல்லாவற்றையும் உண்பதாகக் கொண்டால் 100 உறவுகள் இருக்கும். இருக்கக்கூடிய உறவுகளுள் உண்மையில் இருப்பவற்றின் பங்கே இணைப்படர்த்தி ஆகும். இங்கு அது 14/100, அதாவது 0.14.

உறவுகள் மிகுந்தால் வலை உறுதிபெறும் என்றே பலரும் எண்ணியிருந்தனர். 1972-இல் இராபர்ட் மே என்னும் அறிஞர் கணித வழியில் இதை மறுத்தார். தற்செயலாக இணைக்கப்பட்ட ஒரு வலையில் உயிரின எண்ணிக்கையோ இணைப்படர்த்தியோ உயரும்போது, உறவுகளின் வலிமை அதற்கேற்பக் குறையாவிடில், ஓரிடத்தில் தோன்றும் சிறு குலைவு தணியாமல் பெருகும் என்று அவர் காட்டினார். ஆனால் இயற்கையின் வலைகள் தற்செயலாகப் பின்னப்பட்டவை அல்ல. அவற்றின் அமைப்பை அறிய மற்றோர் அளவு வேண்டும்.

நம் வலையைச் சேற்றுத் தொகுதி, நீர்த் தொகுதி என இரண்டாகப் பிரிக்கலாம். மட்கு, நண்டு, இறால், உளுவை, கொக்கு ஆகியவை முதல் தொகுதி. ஏனைய ஐந்தும் இரண்டாம் தொகுதி. 14 உறவுகளில் 12 தத்தம் தொகுதிக்குள்ளேயே அமைகின்றன, இப்பங்கு 0.86. ஒவ்வோர் உறுப்புக்கும் உள்ள உறவுகளின் எண்ணிக்கையை மாற்றாமல் அவற்றைத் தற்செயலாகக் கலைத்து இணைத்தால், 0.51 பங்கே தொகுதிக்குள் அமையும் என எதிர்பார்க்கலாம். இரண்டிற்கும் இடையிலுள்ள வேறுபாடாகிய 0.35 தொகுதித்தன்மை எனப்படும்.

இவ்வெண்கள் உணர்த்துவது என்ன? பிச்சாவரத்தின் சில பகுதிகளில் முற்காலத்தில் மரங்கள் அடியோடு வெட்டப்பட்டன. வெயில் பட்ட நிலம் பள்ளமாகி, உட்புகுந்த உவர்நீர் வெளியேற வழியின்றித் தேங்கி உப்பு மிகுந்தது. மீண்டும் கண்டல் முளைக்கவில்லை. அத்தகைய இடத்தில் சருகு விழுவது நின்றால் நம் வலையில் என்ன நிகழும்? மட்கை மட்டுமே நம்பிய நண்டும் இறாலும் மறையும். அவற்றை நம்பிய உளுவையும், பின்னர்க் கொக்கும் இரையிழக்கும். ஆனால் நீர்த் தொகுதி குலையாது. கொடுவாவுக்கு நெத்திலி எஞ்சியிருக்கும். தொகுதித்தன்மை அழிவை ஓர் எல்லைக்குள் நிறுத்திவிடுகிறது.

இனி, இறால் விலங்கு மிதவை உயிரிகளையும் உண்ணும் எனக் கொள்வோம். உறவுகள் 15 ஆகின்றன; இணைப்படர்த்தி 0.15-ஆக உயர்கிறது, தொகுதித்தன்மை ஏறத்தாழ 0.29-ஆகக் குறைகிறது. இப்போது மட்கு இல்லையாயினும் இறால் பிழைக்கும். அதனால் உளுவையும் கொக்கும் பிழைக்கும். நண்டு மட்டுமே மறையும். ஆயின் நீரில் நஞ்சு கலந்து மிதவை உயிரிகளில் சேர்ந்தால், அதே உறவின் வழியே அது இறாலையும் உளுவையையும் கொக்கையும் சென்றடையும். உயிரினம் ஒன்றை இழந்தபோது காத்த பாலமே, நஞ்சு பரவும் பாதையுமாகிறது. எனவே நிலைத்தன்மை என்னும்போது, எத்தகைய இடரைத் தாங்கும் நிலைத்தன்மை என்று கேட்டறிதல் வேண்டும்.

இவ்வளவுகளுக்கு வரம்பும் உண்டு. பல வகை நண்டுகளை நாம் ஒரே உறுப்பாக எண்ணினோம். அவற்றைப் பிரித்து எண்ணினால் இணைப்படர்த்தி மாறும். கொக்கு நாள்தோறும் உண்ணும் இரையும் அரிதாக உண்ணும் இரையும் இக்கணக்கில் ஒன்றாகவே மதிக்கப்படுகின்றன. ஆகவே ஒரே முறையில் எண்ணப்பட்ட வலைகளையே ஒப்பிட வேண்டும்.

1990-களில் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் தமிழ்நாடு வனத்துறையும் அப்பள்ளங்களில் மீன்முள் வடிவில் வாய்க்கால்கள் வெட்டின. அலைநீர் வந்து செல்லத் தொடங்கியதும் உப்பு குறைந்தது; நடப்பட்ட கண்டல்கள் வேரூன்றின. நண்டையோ கொக்கையோ கொண்டுவந்து விடுவதற்கு முன், அவை அனைத்தும் சார்ந்திருக்கும் சருகை மீட்டதே அப்பணி. சேற்றுத் தொகுதியின் உறவுகள் எல்லாம் தொடங்கும் இடம் அதுவே.