120 எழுத்துக்குள் ஒரு தொழிற்சாலை

லிங்க்ட்இன் தளத்தில் ஒரு நிறுவனத்தின் பக்கத்தைத் திறந்தால், பெயருக்குக் கீழே ஒற்றை வரி இருக்கும். அதற்கான வரம்பு 120 எழுத்துக்குறிகள். இன்னும் கீழே ‘எங்களைப் பற்றி’ என்ற பகுதிக்கு 2,000 வரை இடம் உண்டு. பல நிறுவனங்கள் இந்த இடத்தை “தரத்தில் முன்னணி, புதுமையான தீர்வுகள், வாடிக்கையாளர் திருப்தியே எங்கள் லட்சியம்” என்று நிரப்பிவிடுகின்றன. பக்கம் ஏன் தேடலில் வருவதில்லை என்ற கேள்வி பிறகுதான் எழுகிறது. அதற்கான விடையின் ஒரு பகுதி 1972-இலேயே கிடைத்துவிட்டது.

தேடுபொறி ஒவ்வொரு பக்கத்தையும் நாம் தேடும் நேரத்தில் படித்துப் பார்ப்பதில்லை. எந்தச் சொல் எந்தெந்தப் பக்கங்களில் இருக்கிறது என்ற பட்டியலை முன்கூட்டியே தயாரித்து வைத்திருக்கிறது. எல்லாச் சொற்களுக்கும் ஒரே மதிப்பு கொடுத்தால் அந்தப் பட்டியலால் பயனில்லை. ஒரு சொல் எவ்வளவு குறைவான ஆவணங்களில் வருகிறதோ, அவ்வளவுக்கு அதன் எடை கூட வேண்டும் என்று பிரிட்டிஷ் கணினி அறிஞர் கேரன் ஸ்பார்க் ஜோன்ஸ் 1972-இல் எழுதினார். தேடல் தொழில்நுட்பத்தின் அடிப்படைகளில் ஒன்றாக அது நிலைத்துவிட்டது.

கோவையில் போர்வெல் பம்ப் செய்யும் ஒரு சிறு நிறுவனத்தைக் கற்பனை செய்வோம். ஒரு தளத்தில் 10,000 நிறுவனப் பக்கங்கள் இருப்பதாகவும், ‘தரம்’ என்ற சொல் 8,000 பக்கங்களிலும், ‘சப்மெர்சிபிள்’ 100 பக்கங்களிலும் வருவதாகவும் வைத்துக்கொள்வோம். மொத்தப் பக்கங்களைச் சொல் வரும் பக்கங்களால் வகுத்து 10-ஐ அடிமானமாகக் கொண்டு மடக்கை எடுத்தால், ‘தரம்’ பெறும் எடை ஏறத்தாழ 0.1, ‘சப்மெர்சிபிள்’ பெறுவது 2. இருபது மடங்கு வித்தியாசம். அப்படியானால் முதல் வரி இப்படி இருக்கலாம்: “கோவையில் போர்வெல் சப்மெர்சிபிள் பம்ப், மோட்டார் தயாரிப்பு, பிற பிராண்டுகளுக்கும் செய்து தருகிறோம்.” தமிழில் எழுதும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். ‘பு’ என்ற ஓர் எழுத்தைக் கணினி இரண்டு குறிகளாகச் சேமிக்கிறது. எனவே நாம் எண்ணுவதைவிட வரம்பு சீக்கிரம் வந்துவிடும்.

அரிய சொல் எல்லாமே உதவும் என்று நினைத்தால் ஏமாற்றம்தான். நிறுவனம் தானே வைத்த மாடல் எண் மிக அரிது. ஆனால் அதை யாரும் தேட மாட்டார்கள். சொல் அரிதாக இருப்பதோடு தேடுபவர் வாயில் புழங்குவதாகவும் இருக்க வேண்டும். டீலர்கள் போனில் எந்தப் பெயர் சொல்லிக் கேட்கிறார்களோ அதுவே பக்கத்திலும் இருக்கட்டும். ‘பம்ப், பம்ப்’ என்று பத்து முறை எழுதுவதும் வீண். இன்றைய தேடல் சூத்திரங்களில், ஒரு சொல் திரும்பத் திரும்ப வரும்போது ஒவ்வொரு முறையும் கூடும் மதிப்பு குறைந்துகொண்டே போகும்.

இனி இன்னொரு வாசகர்: டீலராகவோ உதிரிபாகம் தருபவராகவோ சேர நினைக்கும் கூட்டாளி. அவரும் ‘உலகத் தரம்’ என்பதைத் தாண்டிப் போய்விடுவார். எல்லோரும் சொல்வதை வைத்து அவரால் எதையும் முடிவு செய்ய முடியாது. அவர் தேடுவது சரிபார்க்கக்கூடிய தகவல். சப்மெர்சிபிள் பம்ப்செட்டுகளுக்கான இந்தியத் தர நிர்ணயம் IS 8034. அந்தச் சான்று இருந்தால் எண்ணோடு எழுதலாம். எத்தனை குதிரைத்திறன் முதல் எத்தனை வரை செய்கிறார்கள், மாதம் எவ்வளவு தர முடியும், குறைந்தபட்ச ஆர்டர் என்ன, எந்த மாவட்டங்களில் டீலர் தேவை, யாரைத் தொடர்புகொள்வது என்பவையும் வேண்டும்.

வரிசையும் முக்கியம். ‘எங்களைப் பற்றி’ பகுதி நீளமாக இருந்தால் பல இடங்களில் முதல் சில வரிகள் மட்டுமே தெரியும். மிச்சத்தைப் படிக்க அழுத்திப் பார்க்க வேண்டும். என்ன செய்கிறோம், யாருக்கு, எங்கே என்பது முதல் இரண்டு வாக்கியங்களில் வந்துவிட வேண்டும். நிறுவனர் வரலாறு கடைசியில் வரட்டும்.

சொற்கள் மட்டுமே ஒரு பக்கத்தை மேலே கொண்டுவந்துவிடாது. தேடுபவரின் ஊர், தொடர்புகள், பக்கத்தைப் பின்தொடர்பவர்கள் எனப் பலவும் சேர்ந்துதான் வரிசை அமையும். இருந்தாலும் எழுதியது வேலை செய்கிறதா என்று பார்க்க ஒரு வழி உண்டு. பக்கத்தின் நிர்வாகிக்கு வருகையாளர்களின் துறை, பணி, ஊர் பற்றிய தொகுப்பு கிடைக்கும். அதில் வேலை தேடுவோரே நிறைந்து, கொள்முதல் துறையினர் யாருமே இல்லை என்றால், எழுத்து தவறான ஆளை அழைக்கிறது என்று பொருள்.

உங்கள் நிறுவனத்தின் வரியை இன்றே எடுத்துப் பாருங்கள். அதில் உங்கள் பெயரை நீக்கிவிட்டுப் போட்டியாளரின் பெயரை வைத்தாலும் அது பொருந்துமானால், அந்த வரியை மாற்றி எழுதுங்கள்.