‘சின்ஸ்’ என்பதா, ‘ஃபார்’ என்பதா?

திருநீர்மலையிலிருந்து நம் கல்லூரிக்கு வரும் மாணவர் ஒருவர், 2024ஆம் ஆண்டு மார்ச்சு 4ஆம் நாள் ஆங்கில விண்ணப்பம் ஒன்றை நம்மிடம் காட்டித் திருத்தித் தருமாறு வேண்டினார். தமிழாசிரியரிடம் ஆங்கிலத் தாளைக் கொண்டுவந்த காரணத்தை வினவியபோது, “ஐயா, தமிழில் முதலில் எழுதிப் பிறகுதான் ஆங்கிலத்தில் மாற்றினேன், பிழை அங்கேதான் நுழைந்திருக்கும்” என்றார். அவர் கூறியது முற்றிலும் சரியே.

2023 டிசம்பர் 3, 4 ஆகிய நாள்களில் மிக்ஜாம் புயல் கொட்டிய பெருமழையில் அவர் தெருவின் வடிகால் மண்மூடிப் போயிற்று. அன்று தேங்கிய நீர் வடியவே இல்லை. தமிழ் வரைவில் அவர், “கடந்த மூன்று மாதங்களாக எங்கள் தெருவில் தண்ணீர் தேங்கி நிற்கிறது” என்று பிழையின்றி எழுதியிருந்தார். ஆங்கிலத்தில் அது, “வாட்டர் இஸ் ஸ்டாக்னேட்டிங் இன் அவர் ஸ்ட்ரீட் சின்ஸ் லாஸ்ட் திரீ மன்த்ஸ்” என்றாகியிருந்தது. இவ்வொரு தொடரில் பிழைகள் இரண்டு: வினையில் ஒன்று, ‘சின்ஸ்’ என்பதில் மற்றொன்று.

வினைப்பிழையை முதலிற் காண்போம். நேற்றுத் தொடங்கி இன்றும் நீடிக்கும் நிலையைத் தமிழ் நிகழ்காலத்தாலேயே உணர்த்திவிடும். “தேங்கி நிற்கிறது” என்றால் போதும். ஆங்கிலமோ, கடந்த காலத்தில் வேரூன்றி இந்நொடி வரை எட்டும் நிலைக்கென்றே ‘பிரசென்ட் பெர்ஃபெக்ட்’ எனும் வினைவடிவை வைத்துள்ளது. ஆகவே “வாட்டர் ஹேஸ் ஸ்டாக்னேட்டட்” என்றோ, தொடர்ச்சியை அழுத்திச் சொல்ல “ஹேஸ் பீன் ஸ்டாக்னேட்டிங்” என்றோ எழுதுதல் வேண்டும். இதைவிட ஆபத்தானது இறந்தகால வினை. “வாட்டர் ஸ்டாக்னேட்டட் ஃபார் திரீ மன்த்ஸ்” என்று எழுதினால் இலக்கணப் பிழை ஏதுமில்லை. ஆனால் மூன்று மாதம் தேங்கிப் பின்பு வடிந்துவிட்டது என்பதே பொருள். அதனைப் படிக்கும் அலுவலர் குறை தீர்ந்தது எனக் கருதிக் கோப்பை மூடினால், அவரைக் குறை கூற இயலாது.

இனி ‘சின்ஸ்’, ‘ஃபார்’. ‘சின்ஸ்’ தொடக்கப் புள்ளியைக் காட்டும். ‘ஃபார்’ கால நீளத்தை அளக்கும். இவ்வேறுபாடு ஆங்கிலத்துக்கே உரியதென மாணவர் அஞ்சுகின்றனர். உண்மையில் நம் மொழியிலும் அது உண்டு. “டிசம்பர் முதல்”, “திங்கட்கிழமையிலிருந்து”, “புயல் அடித்த நாளிலிருந்து” என்பன புள்ளிகள். “மூன்று மாதங்களாக”, “நெடுநாளாக”, “ஆண்டுக்கணக்காக” என்பன நீளங்கள். ‘முதல்’, ‘இருந்து’ வருமிடத்தில் ‘சின்ஸ்’. எண்ணிய காலத்தோடு ‘ஆக’ வருமிடத்தில் ‘ஃபார்’. பெரும்பாலான இடங்களில் இச்சோதனை ஒன்றே போதும்.

அவ்வாறாயின் பிழை எங்கிருந்து வருகிறது? பேச்சு வழக்கே ஒரு காரணம். “மூணு நாளா காய்ச்சல்” என்பவரே மறுமுறை “மூணு நாள்லேருந்து காய்ச்சல்” என்கிறார். எண்ணிக்கையோடு ‘இருந்து’ ஒட்டிக்கொண்டதும் ஆங்கிலத்தில் “சின்ஸ் திரீ டேஸ்” பிறந்துவிடுகிறது. வீட்டில் உருது பேசும் நம் மாணவர்க்கு இன்னொரு காரணமும் உண்டு. உருதுவில் “தீன் தின் ஸே” என நீளத்துக்கும், “பீர் ஸே” எனப் புள்ளிக்கும் ‘ஸே’ என்ற ஒரே சொல்லே நிற்கிறது. இந்தியிலும் அப்படியே. ஆதலால் வடபுலத்தாரின் ஆங்கிலத்திலும் இதே பிழை வேரோடியுள்ளது. நம்மவர் மட்டும் நாணுவதற்கில்லை.

‘லாஸ்ட்’ என்னும் சொல் வந்து சேரும்போது ஐயம் இரட்டிக்கிறது. “சின்ஸ் லாஸ்ட் வீக்” சரி. “ஃபார் தி லாஸ்ட் வீக்” என்பதும் சரி. முன்னதில் ‘லாஸ்ட் வீக்’ என்பது சென்ற வாரம் எனும் ஒரு குறியிடம். “சென்ற வாரம் முதல்” எனத் தமிழாகும். பின்னதில், ‘தி’ சேர்ந்ததால், இன்றிலிருந்து பின்னோக்கி எண்ணிய ஏழு நாள் நீளம். “கடந்த ஒரு வாரமாக” எனத் தமிழாகும். எண் இடையே நுழைந்தால், அதாவது ‘லாஸ்ட் திரீ மன்த்ஸ்’ என்று வந்தால், அது நீளமே. “ஃபார் தி லாஸ்ட் திரீ மன்த்ஸ்” என்றே வரும். நம் மாணவர் தவறியது இவ்விடத்தில்தான். அவருடைய தமிழ் வரைவில் “மாதங்களாக” என்றிருந்ததை நோக்கியிருந்தால் தாமே திருத்தியிருப்பார்.

இலக்கணம் இத்துடன் நேராயிற்று. ஆனால் விண்ணப்பத்துக்கு எது ஏற்றது? “வாட்டர் ஹேஸ் ஸ்டாக்னேட்டட் ஃபார் திரீ மன்த்ஸ்” என்பது மார்ச்சு 4 அன்று உண்மை. கோப்பு உறங்கி ஜூன் திங்களில் ஒருவர் கையில் விழுந்தால், மேலே இட்ட தேதியை நோக்காமல் வாசிப்பவர் பின்னோக்கி எண்ணி மார்ச்சில் தொடங்கிய குறை என்று கொள்வார். மார்ச்சில் மழையில்லை, ஆகவே வீட்டுக் கழிவுநீர் என்றோ குழாய்க் கசிவு என்றோ எண்ணி வேறோர் ஆளை அனுப்பக்கூடும். “சின்ஸ் தி ஃபோர்த் ஆஃப் டிசம்பர் 2023” என்றாலோ, எந்நாளில் வாசித்தாலும் புள்ளி நகராது. அந்நாள் புயல் மழை நாள் என்பது அலுவலருக்கும் தெரியும். வடிகாலில் மண் மூடியதே காரணம் என்பதைத் தேதியே சொல்லிவிடும். அவ்வாறே மாற்றித் தந்தோம்.

‘சின்ஸ்’ என்பதன் பின்னே தேதி மட்டுமன்றி முழு வாக்கியமும் வரலாம். “சின்ஸ் தி டிரெயின் காட் பிளாக்ட்” எனும்போது உள்ளிருக்கும் வினை இறந்தகாலம். அடைபட்டது ஒரு கணம், தேங்குவது இன்று வரை. திருநீர்மலை 2021இல் தாம்பரம் மாநகராட்சியுடன் இணைந்தது. “திருநீர்மலை ஹேஸ் பீன் பார்ட் ஆஃப் தாம்பரம் கார்ப்பரேஷன் சின்ஸ் 2021” என்பது இன்றும் நீடிக்கும் நிலை. ஆனால் “ஜாயின்ட் சின்ஸ் 2021” என்றல் பிழை. இணைதல் ஒரு கணச் செயல், அது நீளாது. அவ்விடத்தில் “ஜாயின்ட் இன் 2021” என்பதே முறை.

‘ஃபார்’ பயனற்றது என்று இதனால் கொள்ளல் ஆகாது. நாள்களின் எண்ணிக்கையே வழக்கின் உயிராகும் இடங்கள் உண்டு. விண்ணப்பத்தின் நிலையறிய அம்மாணவர் ஜூன் 10 அன்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் மனுச் செய்தார். 2005ஆம் ஆண்டின் அச்சட்டப்படி பொதுவாக 30 நாள்களுக்குள் விடை தரவேண்டும். ஜூலை 18 வரை விடையில்லை. இங்கே எண்ணே வாதம்: “வி ஹேவ் நாட் ரிசீவ்ட் எனி ரிப்ளை ஃபார் தர்ட்டி எய்ட் டேஸ்.” தொடக்கத்தையும் நீளத்தையும் ஒருங்கே சொல்லவும் வழியுண்டு. “இட் இஸ் தர்ட்டி எய்ட் டேஸ் சின்ஸ் வி அப்ளைட்” என்று எழுதினால், எண் முன்னே நிற்க, புள்ளி ‘சின்ஸ்’ என்பதன் பின்னே நிற்கும். தமிழில், “நாங்கள் விண்ணப்பித்து முப்பத்தெட்டு நாள் ஆகிறது” என்று நாம் இயல்பாகப் பேசும் தொடரே அது.

மேல்முறையீட்டு மனுவின் முதல் வரியாக மாணவர் அதனைத்தான் எழுதினார். பக்கத்திலேயே “சின்ஸ் தர்ட்டி எய்ட் டேஸ்” என்று எழுதி அடித்திருந்த தடமும் தெரிந்தது.