அசையும் வரைபடத்தில் மறையும் ஒப்பீடு: கருவுறுதல் விகிதம் காட்டும் உண்மை

மாநிலங்களின் பெயர் தாங்கிய வண்ணப் பட்டைகள் ஆண்டுகள் நகர நகர ஒன்றையொன்று முந்திச் செல்லும் அசையும் வரைபடங்கள் சமூக ஊடகங்களில் பரவலாகப் பகிரப்படுகின்றன. அவற்றில் அளவுகளை ஒப்பிட முயல்வோர் எளிதில் ஏமாறக்கூடும். இந்திய மாநிலங்களின் மொத்த கருவுறுதல் விகிதம், அதாவது ஒரு பெண் தம் வாழ்நாளில் பெறும் குழந்தைகளின் சராசரி எண்ணிக்கை, இதற்குத் தக்க எடுத்துக்காட்டு.

தேசிய குடும்ப நல ஆய்வின்படி, 2005-06-ல் பீகாரில் இந்த விகிதம் 4.0 ஆகவும், தமிழகத்தில் 1.8 ஆகவும் இருந்தது. 2019-21-ல் பீகாரில் அது 3.0 ஆகக் குறைந்தது. தமிழகத்தில் மீண்டும் 1.8 என்றே பதிவானது.

இத்தகைய பட்டை வரைபடங்களில் பெரும்பாலும் முதலிடத்தில் உள்ள பட்டை திரையின் முழு அகலத்தையும் நிரப்புமாறு அளவுகோல் தானாக மாற்றிக்கொள்ளப்படுகிறது. ஆகவே முதலிடத்திலேயே நீடிக்கும் பீகாரின் பட்டை சிறிதும் குறுகாது. அங்கு ஏற்பட்ட பெரும் சரிவு கண்ணுக்குத் தெரியாமலே போகிறது. மாறாக, தமிழகத்தின் பட்டை திரையின் 45 சதவீதத்திலிருந்து 60 சதவீதமாக நீள்கிறது. விகிதம் மாறாத மாநிலத்தில் பிறப்புகள் பெருகிவிட்டதாகப் பார்வையாளர் எண்ணிக்கொள்வார். அச்சில் உள்ள எண்கள் நகர்கின்றனவா என்று கவனித்தால் இதைக் கண்டுகொள்ளலாம்.

மற்றொரு சிக்கலும் உண்டு. 2005-06-க்குப் பின் அடுத்த சுற்று ஆய்வு 2015-16-ல்தான் நடைபெற்றது. இடைப்பட்ட ஆண்டுகளில் பட்டைகள் சீராக நகர்வது மென்பொருள் இட்டு நிரப்பிய கணக்கே தவிர, எவரும் அளந்தது அன்று.

அளவுகோலை நிலைநிறுத்தினாலும் நினைவாற்றலின் எல்லை குறுக்கிடுகிறது. முந்தைய காட்சி திரையிலிருந்து மறைந்துவிடுவதால், அதைப் பார்வையாளர் மனத்தில் இருத்தியே ஒப்பிட வேண்டும். மைக்ரோசாப்ட் ஆராய்ச்சிப் பிரிவைச் சேர்ந்தோர் உள்ளிட்ட ஆய்வாளர்கள் 2008-ல் வெளியிட்ட ஆய்வில், அசையும் வரைபடங்களைப் பங்கேற்றோர் விரும்பிப் பார்த்தனர். ஆயினும் அசையாத சிறு வரைபடங்களைக் கண்டபோதே குறைவான தவறுகளைச் செய்தனர்.

எனினும் அசைவு பயன்தரும் இடமும் உண்டு. ஸ்வீடனைச் சேர்ந்த ஹான்ஸ் ரோஸ்லிங் 2006-ல் ஆற்றிய உரையில் நாடுகளைக் குமிழ்களாகக் காட்டினார். ஓர் அச்சில் குழந்தைகளின் எண்ணிக்கை, மற்றோர் அச்சில் ஆயுட்காலம். நாடுகள் பலவும் சிறிய குடும்பம், நீண்ட ஆயுள் என்ற மூலையை நோக்கித் திரண்டு நகர்ந்ததை அவையினர் நொடிகளில் கண்டுகொண்டனர். அங்கு அளவுகோல் நிலையாக இருந்தது. எதைப் பார்க்க வேண்டும் என்று சுட்டிக்காட்ட ஒருவர் அருகில் இருந்தார். கேள்வியும் கூட்டத்தின் திசை பற்றியதே அன்றி, இரு நாடுகளுக்கு இடையிலான துல்லியமான வேறுபாடு பற்றியது அன்று.

பீகாரையும் தமிழகத்தையும் ஒப்பிடுவதற்கோ, ஆய்வு நடந்த ஆண்டுகளில் மட்டும் புள்ளியிட்ட இரண்டு கோடுகள் கொண்ட அசையாத வரைபடமே போதுமானது.