எஸ்.எஸ்.டி. வாங்கும் முன் ஸ்லாட்டைப் பாருங்கள்

பழைய லேப்டாப்புக்கு எஸ்.எஸ்.டி. போடலாம் என்று கடைக்குப் போனால், "சாட்டாவா, என்விஎம்இ-யா?" என்று கேட்பார்கள். சூயிங்கம் பட்டை போல மெல்லிய எம்.2 அட்டையாக இரண்டுமே கிடைக்கின்றன. 22 மி.மீ. அகலம், 80 மி.மீ. நீளம், பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும்.

அட்டையின் தங்கநிறப் பற்களைக் கவனியுங்கள். சாட்டா அட்டையில் பெரும்பாலும் இரண்டு வெட்டுகள் இருக்கும்; என்விஎம்இ-யில் பெரும்பாலும் ஒன்றுதான். விதிவிலக்கும் உண்டு என்பதால் லேபிளையும் படித்துவிடுங்கள். சில லேப்டாப்களின் எம்.2 ஸ்லாட்டில் சாட்டா இணைப்பு மட்டுமே இருக்கும். அதில் என்விஎம்இ அட்டையைச் செருகினால் சில சமயம் கச்சிதமாகப் பொருந்திவிடும், திருகும் முடுக்கலாம். ஆனால் பயாஸில் அது தென்படவே தென்படாது. என்விஎம்இ மட்டும் ஏற்கும் ஸ்லாட்டில் சாட்டா அட்டைக்கும் இதே கதிதான்.

இப்போது உள்ளே இருப்பது எது என்பதை விண்டோஸ் பவர்ஷெல்லில் பார்க்கலாம்:

```
Get-PhysicalDisk | Select FriendlyName, BusType
```

இது இருக்கும் டிரைவைத்தான் சொல்லும். ஸ்லாட் வேறு எதை ஏற்கும் என்பதற்கு அந்த மாடலின் சர்வீஸ் மேனுவலைப் பார்க்க வேண்டும்.

இனி வேகம். சாட்டா இணைப்பின் உச்சவரம்பு நொடிக்கு 600 எம்.பி.; நடைமுறையில் 550 வரை கிடைக்கும். பிசிஐஇ பாதையில் ஓடும் என்விஎம்இ, மூன்றாம் தலைமுறையிலேயே 3,500 எம்.பி.யைத் தொடும். 20 ஜி.பி. வீடியோவைப் படிக்க சாட்டாவுக்கு 36 நொடி, என்விஎம்இ-க்கு 6 நொடி என்று கணக்கு வரும். ஆனால் அதே வீடியோ நொடிக்கு 100 எம்.பி. தரும் பென்டிரைவிலிருந்து வந்தால், இரண்டிலுமே 200 நொடி ஆகும். மெதுவான முனைதான் வேகத்தைத் தீர்மானிக்கிறது.

விண்டோஸ் திறப்பது, பிரவுசர் தொடங்குவது போன்ற வேலைகளில் பெரிய கோப்பு எதுவும் ஓடுவதில்லை. ஆயிரக்கணக்கான சின்னச் சின்னத் துண்டுகளைத் தேடிப் படிப்பதுதான் அங்கே நடக்கிறது. அதற்கு நடுவே பிராசஸரும் தன் வேலையைச் செய்ய வேண்டும். அதனால் ஆறு மடங்கு வேகம் அங்கே ஓரிரு நொடி மிச்சமாகச் சுருங்கிவிடுகிறது. ஹார்டு டிஸ்க்கிலிருந்து சாட்டா எஸ்.எஸ்.டி.க்கு மாறும்போதுதான் பெரிய பாய்ச்சலை உணர்வோம்.

வீடியோ எடிட்டிங் செய்பவர்களுக்கும், பெரிய கோப்புகளை ஒரு வேகமான டிரைவிலிருந்து இன்னொன்றுக்கு அடிக்கடி மாற்றுபவர்களுக்கும் என்விஎம்இ நிச்சயம் பயன்தரும். ஸ்லாட் அதை ஏற்குமானால், விலையில் பெரிய வித்தியாசம் இல்லாதபோது அதையே வாங்குங்கள். சாட்டா மட்டும் ஏற்கும் லேப்டாப் என்றால், அன்றாட வேலைக்கு அதுவே போதும். இதற்காகப் புது லேப்டாப் வாங்க வேண்டியதில்லை.