சாயும் ரோபோவுக்கு 5 மில்லிவினாடி

உள்ளங்கையில் நீளமான மூங்கில் கழியை நிமிர்த்தி நிறுத்தச் சிறுவர்களுக்குக் கூட முடியும். அதே கையில் பென்சிலை நிறுத்தச் சொன்னால் பெரியவர்களுக்கும் முடியாது. குட்டையான பொருள் வேகமாகச் சாயும். கை நகர்வதற்குள் விழுந்துவிடும். இரண்டே சக்கரங்களில் தானாக நிற்கும் ரோபோவும் பென்சில் ரகம்தான். அதன் எடைமையம் அச்சுக்கு மேலே 10 சென்டிமீட்டரில் இருந்தால், ஏறத்தாழ 0.07 வினாடியில் சாய்வு இரட்டிப்பாகிவிடும். கனமான பேட்டரியை அடியில் வைக்காமல் மேல்தட்டில் கட்டினால் அது சற்று நிதானமாகச் சாயும். திருத்துவதற்கு நேரம் கிடைக்கும்.

திருத்துவதற்கு முதலில் சாய்வு எவ்வளவு என்று தெரிய வேண்டும். மாணவர்கள் பெரும்பாலும் பயன்படுத்தும் எம்பியூ-6050 சில்லில் இரண்டு உணரிகள் உண்டு. இரண்டுமே தனியாக நம்பத்தக்கவை அல்ல. முடுக்கமானி புவியீர்ப்பின் திசையைப் பார்த்துச் சாய்வைச் சொல்கிறது. ஆனால் சக்கரம் 2 மீ/வி² முடுக்கத்தில் பாய்ந்தால், நேராக நிற்கும் ரோபோவும் 11 பாகைக்கு மேல் சாய்ந்திருப்பதாக அது சொல்லும். கைரோ அப்படி ஏமாறாது. அது திரும்பும் வேகத்தை அளக்கிறது, அதைக் கூட்டிக்கொண்டே போனால் கோணம் கிடைக்கும். அதன் குறை வேறு: அசையாமல் இருக்கும்போதே வினாடிக்கு 1 பாகை என்று காட்டினால், ஒரு நிமிடத்தில் 60 பாகைப் பிழை சேர்ந்துவிடும்.

எனவே குறுகிய நேரத்துக்குக் கைரோவையும் நீண்ட நேரத்துக்கு முடுக்கமானியையும் நம்புகிறார்கள். உணரிகளை இணைப்பது என்பதன் எளிய வடிவம் இந்த ஒரு வரி:

```
angle = 0.98 * (angle + gyro * dt) + 0.02 * accAngle;
```

0.98 என்ற எண்ணைப் பலர் அப்படியே எடுத்து எழுதிக்கொள்கிறார்கள். `dt` தெரியாமல் அந்த எண்ணுக்குப் பொருளே இல்லை. சுற்று 5 மில்லிவினாடிக்கு ஒருமுறை ஓடினால் வடிகட்டியின் நினைவு 0.98 × 0.005 ÷ 0.02, அதாவது சுமார் கால் வினாடி. சொன்ன 11 பாகைப் பொய் 0.1 வினாடி நீடித்தாலே கணக்கிட்ட கோணம் ஏறக்குறைய 4 பாகை தவறிவிடும். 0.995 என்று வைத்தால் நினைவு 1 வினாடியாகும், அந்தத் தவறு 1 பாகையாகக் குறையும். அதற்கு விலை உண்டு: கைரோவின் அந்த 1 பாகை/வினாடிப் பிழை இப்போது கோணத்தில் நிரந்தரமாக 1 பாகையாகத் தங்கும். ஆகவே தொடங்கும்போதே ரோபோவை அசையாமல் வைத்து, 1000 அளவீடுகளின் சராசரியைக் கழித்துவிடுவது நல்லது.

கோணம் கிடைத்ததும் பி.ஐ.டி. வேலையைத் தொடங்குகிறது. கப்பலைச் செலுத்துபவர் திசைப் பிழையை மட்டுமல்லாமல், கப்பல் திரும்பும் வேகத்தையும் பார்த்தே சுக்கானைத் திருப்புகிறார் என்பதை 1922-இல் நிக்கோலஸ் மினோர்ஸ்கி கணிதமாக்கினார். ரோபோவிலும் அதுவே:

```
pwm = Kp * angle + Ki * sum + Kd * gyro;
```

இங்கே D பகுதிக்குக் கோணத்தை வகையிட வேண்டாம். கைரோ நேராகவே அந்த வேகத்தைத் தருகிறது, இரைச்சலும் குறைவு.

முதலில் `Ki`, `Kd` இரண்டையும் பூச்சியமாக்கி, ரோபோ நின்ற இடத்தில் முன்னும் பின்னும் ஊசலாடும் வரை `Kp`-ஐ ஏற்றுகிறார்கள். பிறகு `Kd` அந்த ஊசலை அடக்குகிறது. `Kp` 20, `Kd` 0.8 என்று வைத்துக்கொள்வோம். 3 பாகை சாய்ந்து வினாடிக்கு 40 பாகை வேகத்தில் விழும்போது, மோட்டாருக்கு 60 + 32 = 92 போகிறது. நிமிர்ந்து வரும் வழியில் இன்னும் 2 பாகை பாக்கியிருக்க, வேகம் எதிர்த்திசையில் 60 என்றால் 40 − 48 = −8. நேராவதற்கு முன்பே பிரேக் விழுந்துவிடுகிறது! `Kd` மிகுந்தால் மோட்டார் கரகரவென்று நடுங்கும். கையை வைத்தாலே தெரியும். `Ki` கடைசியில், கொஞ்சமாக. ரோபோவைக் கையில் சாய்த்துப் பிடித்திருக்கும்போது `sum` ஏறிக்கொண்டே போகும், விட்டதும் அது பாய்ந்து ஓடும். அதனால் `sum`-க்கு வரம்பு கட்டி, சாய்வு 40 பாகையைத் தாண்டினால் மோட்டாரை நிறுத்தி அதைப் பூச்சியமாக்க வேண்டும்.

இவ்வளவும் சரியாக இருந்தும் சில ரோபோக்கள் திடீரென்று மீண்டும் ஆடத் தொடங்கும். கோணத்தைத் திரையில் பார்க்க ஒரு `Serial.print` சேர்த்திருப்பார்கள். 9600 பாட் வேகத்தில் 20 எழுத்துகள் போக 20 மில்லிவினாடி ஆகும். இடையகம் நிரம்பியதும் நிரல் காத்து நிற்கிறது, 5 மில்லிவினாடிச் சுற்று 20 ஆகிவிடுகிறது. வடிகட்டியும் `Kd`-யும் அந்த நேரத்துக்குச் செய்யப்பட்டவை அல்ல. `micros()` கொண்டு சுற்றின் நேரத்தை அளந்தால் குற்றவாளி பிடிபடும். 115200-க்கு மாற்றினால் அதே எழுத்துகள் 2 மில்லிவினாடிக்குள் போய்விடும்.

அதன் பிறகும் ரோபோ ஒரு பக்கமாக மெல்ல நகர்ந்துகொண்டே போகலாம். கோணத்தை மட்டும் பார்க்கும் நிரலுக்குத் தான் எங்கே நிற்கிறோம் என்று தெரியாது. சக்கரத்தில் என்கோடர் பொருத்தி, இடத்தைப் பார்த்து இலக்குக் கோணத்தைச் சற்றே மாற்றும் இன்னொரு சுற்றை வெளியே கட்டினால்தான் அது ஓரிடத்தில் நிற்கும்.